'வேண்டும்' என்பதற்குப் பொருள் கேட்பது குற்றமா?

வேலை தேடும் முதுகலை மாணவர்களுக்கு இந்நாட்டில் இரண்டு அறிவுரைகள் ஓயாமல் வழங்கப்படுகின்றன. முதலாவது: அறிவிப்பில் கேட்டிருப்பவற்றில் பாதி இருந்தாலே விண்ணப்பித்துவிடு, அவர்கள் சும்மா அடுக்கிவைப்பார்கள். இரண்டாவது: சந்தேகம் என்று எதையும் எழுதிக் கேட்காதே, கேட்டால் தகுதி போதாதவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் அறிவுரை பட்டியலைப் பொய் என்கிறது. இரண்டாவது அறிவுரை அந்தப் பொய்யின் முன் வாய்மூடி நிற்கச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நேர்வழி இருக்கிறது. பட்டியலை எழுதியவரிடமே, 'இவற்றுள் எவை இல்லாமல் இந்தப் பணியைத் தொடங்க இயலாது?' என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுவதுதான் அது. வளாக வேலைவாய்ப்புப் பிரிவுகளும் வழிகாட்டுக் கருத்தரங்குகளும் அந்த வழியை மாணவர்களுக்குக் காட்டுவதே இல்லை.

கேட்கக் கூடாது என்போர் ஓர் உண்மையை மறைக்கிறார்கள். இருபது, முப்பது வரிகளுக்கு நீளும் ஒவ்வொரு தகுதிப் பட்டியலுக்கும் பின்னால், பணியமர்த்தும் மேலாளரின் மனத்தில் மூன்று, நான்கு வரிகளாலான இன்னொரு பட்டியல் இருக்கிறது. அந்தச் சிறு பட்டியல் இரகசியமும் இல்லை. அந்நிறுவனத்தில் வேலை செய்யும் சீனியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்தவருக்கு அது ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது: 'அதையெல்லாம் விடு, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.' அப்படிப்பட்ட சீனியர் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரியோ அச்சிட்டதை அச்சிட்டபடியே நம்புகிறார், தமக்கில்லாத வரிகளை எண்ணிப் பார்த்து விலகிக்கொள்கிறார். கேள்வி கேட்பதை அநாகரிகம் என்று சொல்லும்போது, பின்வாசலில் இலவசமாக வழங்கப்படும் தகவலை முன்வாசலில் மட்டும் மறுக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

பட்டியல் ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதைப் பார்த்தால், அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரே எடை இருக்க முடியாது என்பது விளங்கும். பெரும்பாலும் அது ஒருவர் ஒரே அமர்வில் எழுதிய உரை இல்லை. ஈராண்டுக்கு முந்தைய அறிவிப்பு அடித்தளமாகிறது. வேலையை விட்டுச் சென்றவர் நான்காண்டுகளில் கற்றுக்கொண்டவை அனைத்தும் அதன்மேல் ஏறுகின்றன, அவர் சேர்ந்த நாளில் அவற்றுள் பாதிகூட அவருக்குத் தெரிந்திருக்காது. பக்கத்துக் குழு தனக்குப் பயன்படும் இரண்டு வரிகளைச் சேர்க்கிறது. மனிதவளப் பிரிவு எல்லா அறிவிப்புகளுக்கும் பொதுவான பத்தியை ஒட்டுகிறது. எதையும் நீக்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. இவ்வாறு கட்டப்பட்ட பட்டியலில் இயலாதவைகூட இடம்பெறும். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருள் கட்டமைப்பை உருவாக்கிய செபாஸ்டியான் ராமிரெஸ், அதில் நான்காண்டுக்கு மேற்பட்ட அனுபவம் கோரிய ஓர் அறிவிப்பைப் பற்றி 2020-இல் டுவிட்டரில் எழுதினார். தாம் அதைப் படைத்தே ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது, ஆகவே தம்மால் விண்ணப்பிக்க இயலவில்லை என்றார். உலகமே சிரித்தது. படைத்தவர் சிரிக்கலாம். அதே வரியை நம்பி ஒதுங்கிய புதிய பட்டதாரிக்கு அது நகைச்சுவை ஆகாது.

மொழியியல் படித்தோர் இதில் இன்னொன்றையும் காண வேண்டும். 'எனக்கு ஒரு வீடு வேண்டும்' என்பதில் விருப்பம் இருக்கிறது. 'நாளை வர வேண்டும்' என்பதில் கட்டாயம் இருக்கிறது. 'மூன்றாண்டு அனுபவம் வேண்டும்' என்பதில் எது இருக்கிறது? சொல்லுபவரின் தேவையா, கேட்பவருக்கு இடும் நிபந்தனையா என்பதைத் தொடர் மட்டும் காட்டிவிடாது. அறிவிப்புகளில் பெரிதும் வழங்கும் ஆங்கிலத்துக்கும் இதே நோய் உண்டு. அரசு அறிவிக்கையில் விண்ணப்பதாரர் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க 'ஷுட்' என்று வந்தால் அது தள்ள முடியாத நிபந்தனை. தனியார் நிறுவனத்தின் அறிவிப்பில் அதே சொல் 'இருந்தால் நல்லது' என்ற அளவுக்கு இளகிவிடுகிறது. அரசு அறிவிக்கைகளைப் படித்தே வளர்ந்த மாணவர், தனியார் அறிவிப்பையும் அதே கண்டிப்போடு படிப்பது இயல்பு. பிழை அவருடைய வாசிப்பில் இல்லை. கட்டாயத்தையும் ஆசையையும் ஒரே வினைமுற்றில் அடைத்தவர்தாம் விளக்கம் தரக் கடமைப்பட்டவர்.

அரசுத் துறையும் பல்கலைக்கழகங்களும், தம் குறைகள் அனைத்தோடும், இந்த ஒன்றில் மேலானவை. அவற்றின் அறிவிக்கைகளில் அவசியத் தகுதிகள் ஒரு தலைப்பிலும் விரும்பத்தக்க தகுதிகள் மற்றொரு தலைப்பிலும் பிரித்து அச்சிடப்படுவது வழக்கம். அந்தப் பிரிவினை வெறும் அலுவலகச் சடங்கு ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இல் விஜயநகரம் மாவட்ட ஆட்சியருக்கும் திரிபுரசுந்தரி தேவிக்கும் இடையிலான வழக்கில் தெளிவாக்கியது. அறிவிக்கையில் கேட்ட தகுதி இல்லாத ஒருவரை நியமிப்பது, நியமிப்பவருக்கும் நியமனம் பெறுபவருக்கும் இடையே முடிந்துவிடும் விவகாரம் இல்லை என்றது அத்தீர்ப்பு. அதே அளவோ, அதைவிட மேலான தகுதியோ உடைய பலர், அறிவிக்கையில் கேட்டது தம்மிடம் இல்லையே என்று விண்ணப்பிக்காமலே இருந்திருப்பார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அவர்களே. தகுதியைத் தளர்த்தக்கூடும் என்று அறிவிக்கையிலேயே சொல்லாமல் பின்னர் தளர்த்துவது பொதுமக்களை ஏய்ப்பது என்று நீதிமன்றம் கருதியது.

அத்தீர்ப்பு அரசுப் பணிகளைப் பற்றியது, தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் விண்ணப்பிக்காமலே போனவர்களைப் பாதிக்கப்பட்டோர் என்று எண்ணிப் பார்த்த அந்தக் கண், தனியார் துறையைப் பற்றிப் பேசுவோருக்கும் தேவை. நேர்காணலில் தோற்றவரின் பெயர் ஏதாவதொரு கோப்பில் இருக்கும். விண்ணப்பிக்காதவரின் பெயர் எங்கும் இராது. அவரை இழந்ததை நிறுவனமும் அறியாது.

விலகிக்கொள்வோரைத் தன்னம்பிக்கை இல்லாதவர்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. டாரா மோர் 2014-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை அந்த எளிய விளக்கத்தை மறுத்தது. பெரும்பாலும் அமெரிக்கர்களான ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடமும் பெண்களிடமும், தகுதி முழுமையாக இல்லாத வேலைகளுக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அவர் கேட்டார். 'வேலையைச் செய்ய என்னால் முடியாது' என்ற விடை முன்னணியில் வரவில்லை. 'கேட்ட தகுதி இல்லாதபோது எடுக்க மாட்டார்கள், நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்' என்பதே இரு பாலரிடமும் முதலிடம் பெற்றது. அவர்களுக்கு இல்லாதது துணிச்சல் அன்று, விதி எது என்ற தகவல். அந்தத் தகவலை உரியவரிடம் கேட்டுப் பெறலாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்க்கலாம். பெங்களூருவில் பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று கன்னடத்துக்கான மொழித்தரவு ஆய்வாளரைத் தேடுகிறது என்று கொள்வோம். அறிவிப்பில் 26 வரிகள். முதல் 5 வரிகள் நிறுவனத்தின் பெருமை. அடுத்த 9 வரிகள் அன்றாடப் பணி. கடைசி 12 வரிகள் தகுதிகள். அதைப் படிப்பவர் மொழியியல் முதுகலை முடித்த ஒரு மாணவி. கன்னடம் தாய்மொழி, தெலுங்கும் தெரியும். ஆய்வேட்டுக்காக 40 மணி நேரக் களப்பதிவைக் கேட்டு எழுதி, ஈலான் மென்பொருளில் அடுக்கடுக்காகக் குறியிட்டிருக்கிறார். பைத்தானில் உரைக்கோப்புகளைத் திறந்து பிழை தேடும் அளவுக்குப் பழக்கம். ஆனால் எஸ்.க்யூ.எல். தெரியாது, இயந்திரக் கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவித்ததில்லை, அறிவிப்பு கேட்கும் மூன்றாண்டுத் தொழில் அனுபவமும் இல்லை.

அவர் முதலில் செய்ய வேண்டியது கடிதம் எழுதுவதன்று. பணிப் பகுதியின் 9 வரிகளையும் தகுதிப் பகுதியின் 12 வரிகளையும் அருகருகே வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். குறிப்பாளர்களுக்கு வழிகாட்டுக் கையேடு எழுதுவது, உச்சரிப்பு அகராதியைச் சரிபார்ப்பது, கோப்புகளின் பிழைகளைத் தானியங்கி முறையில் கண்டறிவது ஆகியவை பணிப் பகுதியில் இருக்கின்றன. ஒலியியல் அறிவும் கன்னடப் புலமையும் பைத்தானும் இவற்றுக்கு நேரே பொருந்துகின்றன, ஆகவே அவை கட்டாயத் தகுதிகளாக இருக்கக் கூடும். எஸ்.க்யூ.எல். தகுதிப் பகுதியில் மட்டும் இருக்கிறது. அதைக் கொண்டு செய்யும் வேலை எதுவும் பணிப் பகுதியில் இல்லை. எங்கிருந்தோ ஒட்டிவந்த வரியாக இருக்கலாம், அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாதிரிகளைப் பயிற்றுவிப்பது இரண்டிலும் இருக்கிறது. ஆனால் பணிப் பகுதியில் 'பயிற்றுவிக்கும் பொறியாளர்களோடு இணைந்து செயல்படுதல்' என்றே வருகிறது. இங்கே உண்மையான ஐயம் எழுகிறது.

இவ்வாறு சலித்தபின் மூன்று ஐயங்களே மிஞ்சுகின்றன: மூன்றாண்டு அனுபவத்தில் களப்பணி சேருமா, பைத்தான் எந்த அளவுக்கு, மாதிரிப் பயிற்சி முதல் நாளிலேயே தேவையா. கேள்வி இந்த மூன்றைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். '26 வரிகளில் எவை கட்டாயம்?' என்று வெறுமனே கேட்டால், அறிவிப்பைப் படிக்கும் உழைப்பையும் மேலாளர் தலையிலேயே கட்டுவதாகும். அதற்கு வரும் விடையும் பெரும்பாலும் 'அனைத்தும் முக்கியம்' என்பதே. படித்தவர் தம் வாசிப்பை முன்வைத்து, அது சரியா என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் விடை எழுதலாம். மேற்கண்ட மாணவியின் கடிதம், எந்த மொழியில் எழுதப்பட்டாலும், ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

'வணக்கம். கன்னட மொழித்தரவு ஆய்வாளர் பணிக்கான அறிவிப்பைப் படித்தேன். வழிகாட்டுக் கையேடு எழுதுவதும் குறியிடலின் தரத்தைச் சரிபார்ப்பதும் இப்பணியின் மையம் என்று புரிந்துகொள்கிறேன். மொழியியலில் முதுகலை முடித்துள்ளேன். 40 மணி நேரப் பேச்சுப் பதிவைக் கேட்டு எழுதிக் குறியிட்டிருக்கிறேன். விண்ணப்பிக்கும் முன் மூன்று தெளிவுகள் வேண்டுகிறேன். 1. மூன்றாண்டு அனுபவத்தில் ஆய்வுக்கான களப்பணி கணக்கில் சேருமா? 2. பைத்தானில் கோப்புகளைச் சரிபார்க்கும் அளவு போதுமா, மென்பொருள் எழுதும் அளவு தேவையா? 3. மாதிரிகளைப் பயிற்றுவித்த அனுபவம் சேரும் நாளிலேயே இருக்க வேண்டுமா, பணியில் கற்றுக்கொள்ளலாமா?'

இதில் மன்னிப்பு இல்லை, கெஞ்சல் இல்லை, 'எனக்கு இது தெரியாது' என்ற வாக்குமூலமும் இல்லை. இருப்பது சொல்லப்பட்டிருக்கிறது, ஐயம் கேட்கப்பட்டிருக்கிறது. இக்கடிதம் அந்தக் குழுவை நடத்தும் மேலாளருக்குச் சென்றால் நல்லது. ஆள்சேர்ப்பு அலுவலரின் முகவரி மட்டுமே கிடைத்தால் அவருக்கே எழுதி, குழுவின் மேலாளரிடம் கேட்டுச் சொல்லும்படி ஒரு வரி சேர்க்கலாம். ஆள்சேர்ப்பு அலுவலர் தம்மிடம் தரப்பட்ட சொற்பட்டியலை வைத்துச் சலிப்பவர், எந்தச் சொல் தளரும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இராது. அறிவிப்பு வந்த முதல் சில நாட்களிலேயே எழுதிவிட வேண்டும். பதில் வராவிட்டாலும் கடைசி நாளுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பதிலுக்காகக் காத்திருந்து நாளைத் தவறவிடுவது, கேட்காமல் விலகுவதிலிருந்து எந்த விதத்திலும் வேறுபட்டதன்று.

வரும் விடையையும் படிக்கத் தெரிய வேண்டும். 'களப்பணி சேரும், பைத்தான் அந்த அளவு போதும், மூன்றாவதைப் பணியில் கற்கலாம்' என்று வந்தால், மேலாளருக்குத் தம் தேவை தெரிகிறது. விண்ணப்பத்தின் முதல் பாதியில் அந்த இரண்டையும் சான்றோடு வைக்கலாம். 'மாதிரிப் பயிற்சி கட்டாயம்' என்று வந்தால் அதுவும் இலாபமே, ஒரு வாரத்தை விழுங்கும் விண்ணப்பமும் மாதிரித் தேர்வும் மிச்சமாகின்றன. '12 தகுதிகளும் கட்டாயம்' என்று வந்தால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். இரண்டு பேர் செய்யும் வேலைக்கு ஒரே சம்பளம் தர எண்ணுகிறார்கள், அல்லது ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு அவருடைய தன்விவரக் குறிப்பையே தகுதிப் பட்டியலாக அச்சிட்டிருக்கிறார்கள், அல்லது என்ன வேலை என்பதே அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றில் எது என்று ஒரே விடையிலிருந்து சொல்ல இயலாது. எதுவாயினும் சேர்ந்தபின் அறிவதைவிட முன்னரே அறிவது நல்லது.

கேள்வி கேட்டால் பலவீனம் வெளிப்படும் என்ற அச்சத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இல்லாத தகுதி தன்விவரக் குறிப்பில் எப்படியும் இல்லாமல்தான் இருக்கும், கேட்காததால் அது அங்கே முளைத்துவிடாது. ஐந்து நிமிடக் கேள்விக்காகவே ஒருவரை ஒதுக்கும் மேலாளர், பணியில் சேர்ந்தபின் எழும் ஐயங்களை எப்படி எதிர்கொள்வார் என்பதையும் எண்ண வேண்டும். மேலாளர்களுக்கு நேரமில்லை என்ற வாதம் ஓரளவு நியாயமே. ஆனால் பத்து நிமிடம் செலவிட்டுப் பட்டியலை இரண்டாகப் பிரிக்காதவர், பிறகு பொருந்தாத நூறு விண்ணப்பங்களைப் புரட்டப் பல மணி நேரம் செலவிடுகிறார். அந்தக் கணக்கை விண்ணப்பதாரரின் தலையில் எழுத முடியாது.

இவ்வழிக்கு எல்லைகள் உண்டு. ஆயிரக்கணக்கானோரை ஒரே நேரத்தில் எடுக்கும் வளாகத் தேர்வுகளில் எழுதிக் கேட்பதற்குக் குறிப்பிட்ட மேலாளர் என்று எவரும் இரார். அரசுப் பணியிலும் பல்கலைக்கழக ஆசிரியப் பணியிலும் அவசியத் தகுதியைத் தளர்த்த முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேட்பது வீண். அவர் 'பரவாயில்லை' என்று எழுதினாலும் அந்த மின்னஞ்சல் தேர்வுக் குழுவைக் கட்டுப்படுத்தாது. அறிவிக்கை வேறு நாளைக் குறிக்காவிட்டால் தகுதி விண்ணப்பத்தின் கடைசி நாளை வைத்தே கணக்கிடப்படும் என்பதும் நீதிமன்றங்கள் நிலைநிறுத்திய விதி. ஆனால் அங்கும் கேட்கத்தக்கது ஒன்றுண்டு. குறைந்தபட்சத் தகுதி இருப்பதாலேயே நேர்காணலுக்கு அழைக்க வேண்டியதில்லை என்று அறிவிக்கைகள் சொல்வது வழக்கம். ஆகவே ஆய்வுத் திட்டப் பணியாளரைத் தேடும் முதன்மை ஆய்வாளரிடம், விரும்பத்தக்க தகுதிகளுள் எவற்றைக் கொண்டு சுருக்கப்பட்டியல் தயாரிக்கப்படும் என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்களில் பணியமர்த்தும் மேலாளர் என்ற பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும், திட்டப் பணிகளில் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அவரே. மென்பொருள் நிறுவனங்களைப் பழிக்கும் பேராசிரியர்கள், தம் திட்டத்துக்கான விளம்பரத்தில் தாம் அடுக்கிய வரிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இன்னும் ஒரு நியாயம் மீதமிருக்கிறது. மாணவி ஒருவர் கேட்டு, அவருக்கு மட்டும் விடை கிடைத்தால், அவர் சீனியரைத் தெரிந்தவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுகிறார், வெளியே நிற்போர் அப்படியே நிற்கிறார்கள். அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒப்பந்தப்புள்ளிகளைச் சமர்ப்பிக்குமுன் நடக்கும் கூட்டத்தில் ஒரு நிறுவனம் ஐயம் எழுப்பினால், விடை அனைத்துப் போட்டியாளர்களுக்கும் தெரிவிக்கப்படுகிறது. தேவையானால் திருத்த அறிவிப்பும் வருகிறது. ஒரு கட்டடத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதில் உள்ள இந்த நேர்மை, ஒரு மனிதரின் வேலை விஷயத்தில் ஏன் கூடாது?

ஆகவே கோரிக்கை இரு திசையிலும் செல்கிறது. துறைகளும் வேலைவாய்ப்புப் பிரிவுகளும், நீண்ட அறிவிப்பு வரும்போது மாணவர்களின் ஐயங்களைத் தொகுத்து, துறையின் பெயரால் ஒரே கடிதமாக மேலாளருக்கு அனுப்ப வேண்டும். அப்போது எந்த மாணவரின் பெயரும் வெளிப்படாது, விடை எல்லோர் கைக்கும் வரும். மேலாளர்கள் அந்த விடையை அஞ்சற்பெட்டியில் புதைக்காமல் அறிவிப்பிலேயே சேர்த்து, 'இவை கட்டாயம், இவை இருந்தால் நலம்' என்று இரண்டு தலைப்புகளில் மறுபடி வெளியிட வேண்டும். அதுவரை, ஐயமுள்ள ஒவ்வொரு மாணவரும் எழுதிக் கேட்கட்டும். கேட்பவரைக் குறை சொல்வோர், தாம் இன்றைய வேலையைப் பெற்றபோது யாரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.